முத்துராக்கு அவிழ்த்த மாலை

முத்துராக்கு மதினி பூக்கட்டும்போது பூவைப் பார்க்க மாட்டாள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நூல் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு இறுகியதா என்று இடது கட்டைவிரல்தான் சொல்லும். தளர்ந்தால் பூ உதிரும். மிஞ்சினால் காம்பு அறுந்துபோகும்.

ஆடி மாதத்தில் அந்த விரல் மரத்துப்போனது. சர்க்கரை. உணர்வு திரும்புவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் என்னிடம் மட்டும்தான் அதைச் சொன்னாள். இடுப்பொடிந்து கிடக்கும் அண்ணனுக்கும் அவளுக்கும் கஞ்சி இந்தப் பூக்கடைக் கூலியில்தான்.

முதலாளி தவசி அவள் கட்டிய சரத்தைத் தூக்கி உதறினார். ஒரு கை மல்லிகை கொட்டியது.

“ஏத்தா, கட்டச் சொன்னா தூவுறியே?”

“ஒங்க அறுவதாங் கல்யாணத்துக்கு இப்பவே அட்சதை போட்டுப் பழகுறேன் மொதலாளி!”

கடையே சிரித்தது. அவள் கைகளை மட்டும் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே ஊசி வேலை கேட்டு வாங்கினாள். தினமும் அம்மன் கோயிலுக்குச் சம்பங்கி மாலை. பத்துச் சம்பங்கி, ஒரு செவ்வரளி. பூவின் குழல் வழியே ஊசியை விட்டு நூலில் இறக்க வேண்டும். அதற்குக் கண் போதும் என்று நினைத்தாள். இரண்டு நாள் நல்லபடியாகவே போனது.

மூன்றாம் நாள், “ஆறு, ஏழு, எட்டு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது பூவில் சிவப்பு. ஏழிலும்.

“மதினி, வெரலு!”

ஊசி கட்டைவிரலில் இறங்கி நின்றது. அவள் அந்த விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

நான் குரலைத் தாழ்த்தினேன். “அந்த ரெண்டு பூவ உருவிப்போட்டு வேற கோத்துருவோம். யாரு பாத்தா?”

“எத்தனை பூவுல பட்டுச்சுன்னு எனக்கே தெரியலையேடி. நேத்துப் போன மாலைல? முந்தாநாளு?” அவள் உதடு கோணியது. “ஆத்தா கழுத்துல என் ரத்தத்தைப் போட்டுட்டனாடி?”

அவள் நூலின் அடிமுடிச்சை வெட்டித் தூக்கிப் பிடித்தாள். மாலை முழுவதும் சரசரவென்று தரையில் உருண்டது.

தவசி ஓடிவந்தார். “கிறுக்குப் புடிச்சிருச்சா? கோயில் ஆளு வர்ற நேரம்!”

மதினி விரலை நீட்டினாள். “வலிக்கல மொதலாளி. ஒரு மாசமா.”

அவர் விரலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “வீட்டுக்குப் போத்தா,” என்றார். கத்தவில்லை. நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை.

ஊசியைத் துடைத்து என் பக்கம் வைத்துவிட்டு மதினி படியிறங்கினாள். தவசி புதுச் சம்பங்கிக் கூடையை என் முன்னால் தள்ளினார்.

கட்டைவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.