தட்டாமல் விட்ட இரண்டாம் படம்

போர்ட் பிளேயரில், டெலானிபூர் ஏற்றத்தில் உள்ள ஒரு சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு வேலை. கப்பல் டிக்கெட் பதிவது என் பணி. என் போனில் கேமரா நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியால் அலுவலகத்தின் இணையப் பக்கத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். அவர் வங்காளி. எங்களோடு தீவு ஹிந்திதான். "சென்னை சே டூரிஸ்ட் ஆத்தா ஹை. தமிழ் மே குச் டாலோ" என்றார்.

தமிழில் ஏதாவது போட வேண்டும். பழமொழி ஒன்று, அதற்கு அடுத்து இந்தக்கால அலுவலகக் காட்சி ஒன்று என்று ஜோடி ஜோடியாக, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் காரசல் ஒன்று செய்வதாக முடிவெடுத்தேன். முகப்பு ஒன்று, நான்கு ஜோடி, மொத்தம் ஒன்பது படங்கள். காட்சிகளுக்கு எங்கும் அலையவில்லை. தலையைத் தூக்கினால் அலுவலகம் இருந்தது. பெயர் போடாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். மொத்தம் எட்டுப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அப்படி நினைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

முதல் ஜோடி, பொறுமையைப் புகழும் பழமொழி. அதற்கு எங்கள் கவுன்டரில் என்னோடு இருக்கும் அக்கா. காற்று அடித்துக் கப்பல் ரத்தாகும் நாட்களில் கத்துகிற பயணிகளை உட்காரவைத்து, குரல் உயர்த்தாமல் ஒவ்வொருவருக்கும் வேறு நாள் போட்டுக்கொடுப்பவர். இரண்டாவது, நாட்டியம் வராமல் இடத்தின்மேல் பழி போடும் பெண்ணைக் கிண்டல் செய்வது. அதற்கு நானே. பயணிகளின் பெயரைத் தப்பும் தவறுமாக அடித்துவிட்டு "நெட்வொர்க் சரியில்லை" என்பவன். மூன்றாவது, புலியையும் புல்லையும் பற்றியது. அதற்கு எங்கள் படகு ஓட்டும் அண்ணன். யார் கெஞ்சினாலும் அளவுக்கு மேல் ஓர் ஆளை ஏற்றமாட்டார். நான்காவது, நாய்வால் பற்றியது. அதற்கு, பத்து மணி மீட்டிங்கைப் பன்னிரண்டுக்குத் தொடங்கும் ஒருவர். அவர் யார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கவுன்டரில் உட்கார்ந்தபடியே பதிவேற்றினேன். எந்த வரிசையில் படங்களைத் தட்டுகிறோமோ அந்த வரிசையில்தான் அவை நிற்கும். தட்டத் தட்ட ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று சின்ன எண் விழும். முகப்பைத் தட்டினேன். அடுத்ததைத் தட்டும்போது ஒருவர், "ஹட் பே ஜஹாஜ் கப் ஹை?" என்று கேட்டார். ஹட் பே ஊருக்குக் கப்பல் எப்போது என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே தட்டினேன். விரலில் வாழைக்காய் சிப்ஸ் எண்ணெய். கடைசியில் பார்த்தால் ஒரு படத்தில் மட்டும் எண் இல்லை. என் கண் எவ்வளவு கூர்மை என்று என்னையே மெச்சிக்கொண்டு அதையும் தட்டினேன். அதற்கு ஒன்பது விழுந்தது. பதிவேற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அது பொறுமைப் பழமொழி. இரண்டாவதாக நிற்க வேண்டியது கடைசிக்குப் போய்விட்டது. முகப்பைத் தள்ளியதும் அக்காவின் காட்சி, அதற்கடுத்து நாட்டியப் பழமொழி. இது முதலில் காட்சி, பிறகு அதற்கான பழமொழி என்றுதான் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கலைந்து கிடந்திருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அது அவ்வளவு ஒழுங்காகத் தப்பாக இருந்தது. பொறுமைசாலி அக்கா ஆடத் தெரியாதவர் ஆனார். உளறும் நான் புலி ஆனேன். நேர்மையான அண்ணன் நாய்வால் ஆனார். இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் முதலாளி பொறுமையின் சிகரம் ஆனார்.

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அக்கா திரையைப் பார்த்தபடியே பேசினார். அவருடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

"ஏந் தம்பி, கப்பல் நின்னுபோனா நான் யார் மேலயாவது பழி போட்டிருக்கேனா?"

"அக்கா, அது வந்து..."

"நீங்க மட்டும் புலியாக்கும்?"

படகு அண்ணன் போனில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏல, எனக்கு வால் எங்கடா இருக்கு?"

அக்காவின் வருத்தத்துக்குப் பின்னால் பெரிய விஷயம் இருந்தது. ஹட் பேயில் புதிய கவுன்டர் திறக்கப் போகிறார்கள். அதன் பொறுப்பு தனக்குக் கிடைத்தால் அங்கே தனியாக இருக்கும் அம்மாவோடு போய் இருக்கலாம் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தார். மறுநாள் மீட்டிங்கில் முடிவு.

வரிசையை மாற்ற முயன்றேன். பதிவேற்றிய பிறகு படத்தை நீக்கத்தான் என் போனில் வழி தெரிந்தது, நகர்த்த வழி தெரியவில்லை. அக்காவின் காட்சியையும் கடைசிப் பழமொழியையும் நீக்கினால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும். ஆனால் அக்காவைப் பற்றிய ஒரே நல்ல வார்த்தை போய்விடும். முதலாளி சரியாக நாய்வாலுக்குப் போய் நிற்பார்.

முழுதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று நினைப்பதற்குள் முதலாளி கூப்பிட்டார். போனைப் படத்தின்மேல் காட்டினால் மொழிபெயர்க்கும் வசதி அவரிடம் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பதையும் படித்திருந்தார். முகம் பூரித்திருந்தது.

"தஸ் பஜே வாலா... யே மை ஹூ நா? பேஷன்ஸ்! பஹுத் அச்சா லிக்கா." அந்தப் பத்து மணிக்காரர் தான்தான் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "லேகின் உஸ்கோ ஹட் பே கைசே பேஜேகா? ஜஹாஜ் கேன்சல் ஹோகா, தோ வோ சப்கோ தோஷ் தேகா."

கப்பல் நின்றால் எல்லோரையும் குறை சொல்கிற அக்காவை எப்படி அங்கே அனுப்புவது? நான் எழுதியதை வைத்து என்னிடமே கேட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் புலியாகவே காலம் தள்ளியிருக்கலாம். கால் இரண்டும் வாசலைத்தான் பார்த்தன. வாய்தான் தனியாகப் பேசிவிட்டது.

"சார், ஆர்டர் கலத் ஹோ கயா."

வரிசை தப்பிவிட்டது என்று சொல்லி, என் போனில் இருந்த அசல் படங்களைச் சரியான வரிசையில் காட்டினேன். அவர் ஒவ்வொன்றின்மேலும் தன் போனைப் பிடித்து மெதுவாகப் படித்தார். அக்காவும் பொறுமையும். தலையாட்டினார். நானும் நாட்டியமும். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணனும் புலியும். நாய்வால் வந்தது. அதை இரண்டு முறை மொழிபெயர்த்தார். இரண்டாவது முறை வேறு விலங்கு வரும் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"குத்தா?"

"பூஞ்ச் மட்டும் சார்" என்றேன். வால் மட்டும்தான் என்று சொன்னால் தண்டனை குறையும் என்று ஏனோ தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. "கல் தஸ் பஜே மீட்டிங்" என்றார். நாளை பத்து மணிக்கு.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம். 'உட்கார்ந்துவிட்டாராம்' என்கிறேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. பத்து மணி மீட்டிங்குக்குப் பத்து மணிக்கு வரும் வழக்கம் எங்கள் யாருக்கும் கிடையாது. பத்தேகாலுக்கு நான் உள்ளே நுழைந்தபோது அறையில் இரண்டு பேர்தான். முதலாளி, எதிரே அக்கா.

"ஹோ கயா மீட்டிங்" என்றார் முதலாளி, எழுந்துகொண்டே. "ஹட் பே யே ஜாயேகா. தும் சஹி வாலா டாலோ. குத்தா பீ ரக்கோ."

மீட்டிங் முடிந்தது, ஹட் பேக்கு அக்காதான் போகிறார், நான் சரியான வரிசையைப் போட வேண்டும், நாயும் இருக்கட்டும். அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் உத்தரவுக் கடிதம்.

"நேத்து போய் உண்மையச் சொன்னீங்களாம்ல" என்றார். "பத்து மணிலேருந்து நன்றி சொல்லக் காத்துக்கிட்டு இருக்கேன் தம்பி. இப்பக் கோவந்தான் வருது."

பிறகு ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. அண்ணனுக்கு மொதல்ல போன் போடுங்க. அவர் வாலுக்கு நான் பதில் சொல்ல முடியாது."