பதில் அடுத்த பக்கத்தில்

ரத்தினவேலுக்கு மைக் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எந்த ஊர்ச் சமுதாயக் கூடத்திலும், எந்தப் பள்ளிக்கூட வராந்தாவிலும், முந்திரி நடுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி, ஒருத்தரையும் எழுந்து போக விடாமல் உட்கார வைத்த மனிதர் அவர். எங்கள் உழவர் கம்பெனியில் அவர் பயிற்சியாளர், நான் கணக்கு எழுதுகிறவன். அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து புரொஜக்டரை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன பாவத்துக்காக அந்தப் பேச்சை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒருமுறைகூட அலுத்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புயல் அடித்து எங்கள் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்த பிறகு, எல்லோரும் ஒட்டுக்கன்று நட ஆரம்பித்தார்கள். கொட்டை போட்டு முளைக்க வைத்தே பழகிய ஜனங்கள். ஒட்டுக்கன்று என்பது அடியில் ஒரு செடி, அதன் மேல் நல்ல ரகத்தின் தளிரை ஒட்டிக் கட்டியது. அந்த ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், சுற்றிய பிளாஸ்டிக் நாடாவை நடும்போது பிரித்துவிட வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அதைத்தான் ரத்தினவேல் சொல்லிக்கொண்டு போனார்.

அவருடைய ஸ்லைடுகளில் எழுத்தே இருக்காது. ஒரு படம், மிஞ்சிப்போனால் ஒரு வரி. மீதியெல்லாம் அவர் வாயில் இருந்தது. அதில் உச்சமான இடம் ஒன்று உண்டு. திரையில் அழகான ஒரு கன்று வரும். பாத்தி கட்டி, சருகு பரப்பி, பக்கத்தில் மூங்கில் குச்சி ஊன்றி, காலை வெயிலில் பளபளவென்று நிற்கும். மேலே "நட்டாச்சு, எப்படி இருக்கு?" என்று போட்டிருக்கும். கூட்டம் "சூப்பர்" என்று சொல்லும். ரத்தினவேல் ஒன்றும் பேசமாட்டார். மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார். யாராவது ஒரு பெண்பிள்ளை, "ஏங்க, ஒட்டு எங்க காணோம்?" என்று கேட்கும் வரைக்கும் அந்த மௌனம் நீளும். அப்புறம்தான் ரிமோட்டை அமுக்குவார். படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி வந்து விழும். இன்னொரு அமுக்கு, சரியாக நட்ட கன்றின் படம் வரும். சபை சிரித்துத் தலையில் அடித்துக்கொள்ளும். அன்றைக்கு அதைப் பார்த்தவன் சாகிற வரைக்கும் ஒட்டை மண்ணில் புதைக்கமாட்டான்.

அந்தத் தப்பான கன்றை எங்கள் ஆபீசுக்குப் பின்னால் அவரே வேண்டுமென்று தப்பாக நட்டு, அலங்காரம் பண்ணிப் படம் எடுத்தார். சரியான கன்றின் படம் யாரோ தோப்பில் பொழுது சாய்ந்த பிறகு எடுத்தது. மங்கல். மாற்றுங்கள் என்று சொன்னால், "பேசறது நான்தானய்யா, படமா பேசுது?" என்பார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள்தான் முதலில் கேட்டார்கள். நிலம் இங்கே, ஆள் குவைத்திலோ சிங்கப்பூரிலோ. வீட்டுப் பெண்களிடம் போனில் சொல்லி வேலை வாங்குகிறவர்கள். "கூட்டத்துக்கு வர முடியாதுங்க, அந்த ஸ்லைடை அனுப்பி வைங்க" என்றார்கள். ரத்தினவேல் அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய படங்களெல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. கிழங்கு மூட்டை சரிந்த மாதிரி இருந்தது. வாங்கினவர்கள் "ஒண்ணும் புரியலையே" என்று பதில் போட்டார்கள்.

அப்போதுதான் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற கார்த்திகா அதைக் கையில் எடுத்தாள். ஒரு கூட்டத்தில் அவர் பேசியதைப் போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். ஒரு கிளிக்குக்கு ஒரு பக்கம் என்று பிரித்தாள். மொட்டைத் தலைப்புகளை எடுத்துவிட்டு, படிக்கிறவனுக்குச் சேதி சொல்கிற முழு வாக்கியமாக மாற்றினாள். கூட்டத்தில் ஜனங்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு அவர் சொல்கிற பதில்களையும் அந்தந்தப் படத்துக்குக் கீழேயே எழுதினாள். போனில் படிக்கத் தோதாக எழுத்தைப் பெரிதாக்கினாள். அவருடைய ஜோக்குகளைப் பாதிக்கு மேல் வெட்டினாள். அதில் அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மல்லுக்கு நின்றார்.

"சார், இந்தப் படத்துல சிவப்புக் குறியையும் சேத்தே போட்டுருவோம். தலைப்பும் 'ஒட்டை இப்படிப் புதைக்கக் கூடாது'ன்னு வச்சிருவோம்" என்றாள் கார்த்திகா.

"ஏம்மா, விடையைச் சொல்லிட்டுக் கேள்வி கேக்கவா? ஆளு ஒரு நிமிசம் யோசிக்கணும். அதுதான் அந்த இடத்தோட உசுரு. பதில் அடுத்த பக்கத்துல இருக்கட்டும்."

"கூட்டத்துல நீங்க நிக்கிறீங்க சார். இங்கிட்டு யாரு நிப்பா? நம்ம ஆளுக பிடிஎஃப்பை முழுசாவா அனுப்புறாக? ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துல்ல குரூப்புல போடுறாக. ஒவ்வொரு பக்கமும் தனியாத்தான் ஊரு சுத்தும்."

"அதுவும் சரிதான்" என்றார் ரத்தினவேல். யோசித்தார். "அப்படின்னா ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில என் பேரையும் போன் நம்பரையும் போட்டுரு."

சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்றைக்கு வந்தது. இப்போது வருவதில்லை. பக்கம் தனியாகப் போகும் என்பது அந்த மனிதருக்குப் புரிந்தது. தன் பெயர் அதோடு போகவேண்டும் என்றும் புரிந்தது. பதில் போகாது என்பது மட்டும் புரியவில்லை. கெட்டவர் இல்லை. அந்த மௌனத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. அந்தப் பக்கம் மட்டும் குறியும் பதிலும் இல்லாமல், பழைய தலைப்போடு போனது.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் பொற்கொடி என்கிற பெண் ஆபீசுக்குப் போன் செய்தாள். கன்றுகள் தளதளவென்று வளர்ந்து நிற்கின்றன, வருகிற பருவத்தில் பூ எடுக்குமா என்று சார் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது என்றாள். அவள் புருஷன் அறிவுச்செல்வன் குவைத்தில் டிரைவர். தோப்பு காய்க்கிற வருஷம் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. மகள் இலக்கியாவுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம்தான்.

பைக்கில் போனோம். தூரத்தில் பார்க்கும்போது தோப்பு கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ரத்தினவேல் உற்சாகமாக உள்ளே நடந்தார். முதல் செடியின் அடியில் குனிந்தவர் நிமிரவில்லை. விரலால் மண்ணைத் தள்ளினார். ஒட்டு மண்ணுக்குள் இருந்தது. பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கி, மேலே ஒட்டிய நல்ல ரகம் கருகிச் சுள்ளியாக நின்றது. தளதளவென்று வளர்ந்திருந்ததெல்லாம் அடிச்செடியிலிருந்து வெடித்த கிளைகள். சும்மா கொட்டை போட்டு முளைத்த செடிக்குச் சமம். எப்போது காய்க்கும், எப்படிக் காய்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த செடிக்குப் போனார். அதற்கடுத்ததற்குப் போனார். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

"இப்படி நடச் சொல்லி யாரும்மா சொன்னது?" என்றார். குரல் சபையில் கேட்கிற குரலாக இல்லை.

பொற்கொடி போனை எடுத்துக் காட்டினாள். பாத்தி, சருகு, மூங்கில் குச்சி, காலை வெயில். நட்டாச்சு, எப்படி இருக்கு? அடியில் ரத்தினவேல் என்ற பெயரும் நம்பரும்.

"நீங்க குடுத்ததுதாங்க சார். இவுக ரூம்ல ஒருத்தர் அனுப்பிருக்காரு, இவுக எனக்கு அனுப்புனாக. படத்துல இருக்கற மாதிரியேதான் நட்டேன். பக்கத்துக் காட்டுக்காரவுக ஒட்டு வெளிய தெரியணும், டேப்பைப் பிரிச்சு விடும்மான்னாக. படத்துல ஒட்டே வெளிய தெரியலையே, சாருக்குத் தெரியாததான்னு நாந்தான் விட்டுட்டேன். ஏங்க சார், தப்பா?"

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே வேகத்தில் பரிதாபமும் வந்தது. வெயிலில் நின்று எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினார். வெட்டிவிட்டு அடியிலிருந்து வருகிற இளந்தளிரில் மறுபடி ஒட்டுக் கட்டலாம், நானே ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப இவுக வர்றது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மறுபடி முதல்ல இருந்துதாம்மா" என்றார்.

"நீங்களே அவுககிட்டச் சொல்லிருங்க சார். எனக்குச் சொல்ல வாய் வரல."

ஆபீசுக்கு வந்ததும் கார்த்திகாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு படத்தையும் ஒரே பக்கத்தில் போட வைத்தார். தப்பானது சின்னதாக, பிரித்தெடுக்க முடியாதபடி படத்தோடு படமாகப் பதிந்த சிவப்புக் குறியோடு. சரியானது பெரிதாக, பகல் வெளிச்சத்தில் புதிதாக எடுத்தது. மேலே "ஒட்டு மண்ணுக்கு மேலே, நாடாவைப் பிரித்துவிட்டு" என்று தலைப்பு. முன்பே அவள் சொன்னதுதான். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் எல்லாக் குழுவுக்கும் புதியதை அனுப்பி, பழையதை அழித்துவிடுங்கள் என்று குரல் பதிவும் போட்டார். எத்தனை பேர் அழித்தார்களோ. அனுப்பின ஒன்றைத் திரும்ப அழைக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. அன்றைக்குத்தான் அறிவுச்செல்வனைப் பிடித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஒரு சபையையே கட்டிப்போடுகிற மனிதர், தடுமாறித் தடுமாறி, சொன்னதையே திரும்பச் சொல்லி, ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்த மௌனத்தை அவர் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரிங்க சார்" என்றான் அறிவுச்செல்வன் கடைசியில். "அக்ரிமெண்டை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாக. நாந்தான் முடியாதுன்னுட்டேன். பேசிப் பாக்குறேன்."

"மன்னிச்சிருங்க தம்பி."

"அய்யய்யோ, நீங்க என்ன சார் பண்ணுவீக. நல்ல படம் சார் அது. கலர் பிரிண்ட் போட்டுக் கட்டிலுக்கு மேல சொவத்துல ஒட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருசமா அதைப் பாத்துட்டுத்தான் சார் படுக்குறேன்."