காய்ச்சல் என்று எழுதச் சொன்னேன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் நான் குமாஸ்தா. குமாஸ்தாக்களும் தோணித் தொழிலாளிகளும் சேர்ந்து நடத்திய சகாய நிதி ஒன்று அங்கே இருந்தது. உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவை நிதி கொடுக்கும்.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மார்பில் நீர் கோத்து, மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு நாள் படுத்திருந்தாள். இரண்டு முறை ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், வெளியேறும் சீட்டை எழுத உட்கார்ந்த டாக்டரம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, மார்பு நோய்னு எழுதாதீங்க. சாதாரணக் காய்ச்சல்னு போடுங்க. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பொய் எழுத மாட்டேன். காய்ச்சலும் இருந்தது, அதனால் காய்ச்சல் என்று மட்டும் எழுதுகிறேன். முழு விவரமும் எங்கள் பதிவேட்டில் இருக்கும். மூன்று மாதத்தில் கட்டாயம் கூட்டி வாருங்கள், மார்பைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்."

அந்தச் சீட்டோடுதான் நிதிக்கு மனுப் போட்டேன். சாதாரணக் காய்ச்சலுக்குப் படுக்கை அவசியமில்லை, உதவி கிடையாது, ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் கமிட்டிக்கு எழுதலாம் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. அது தீராமல் மறுபரிசோதனைக்கு வழியில்லை.

முதலில் ஒரு சின்னத்தனம் செய்தேன். "நீடித்த காய்ச்சல்" என்று கமிட்டிக்கு இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நிதியின் காரியதரிசி திருப்பித் தந்துவிட்டார். "உம்ம இங்கிலீசு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாத்த டாக்டரோட அபிப்பிராயம் வேணும்லா? அது இல்லாம கமிட்டி தொடாது."

மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். பதிவேட்டைப் பார்த்து நோயின் பெயரையும், நீர் எடுத்த தேதிகளையும், படுக்கையில் வைத்தே பார்க்க வேண்டியிருந்த காரணத்தையும் எழுதினார். சளியைச் சோதித்ததில் காசநோய்க் கிருமி காணவில்லை என்றும் சேர்த்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்: தகப்பனார் கேட்டுக்கொண்டதால் வெளியேறும் சீட்டில் நோயின் பெயர் எழுதப்படவில்லை.

"இந்த ஒரு வரியை எடுத்துடுங்கம்மா."

"எடுத்தால் ஒரே நோயாளிக்கு நான் இரண்டு விதமாக எழுதினது போல ஆகும். எந்தக் காகிதத்தை அவர்கள் நம்புவார்கள்?"

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கமிட்டியில் ஐந்து பேர். அதில் ஒருவர் தோணி ஓட்டும் தண்டல், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். அவருக்காக எந்தக் காகிதத்தையும் வரி வரியாகத் தமிழில் சொல்வது அங்கே வழக்கம். இன்னொருவர் எங்கள் கேஷியர். அவருடைய மகனுக்குத்தான் என் மகளைப் பேசியிருந்தோம்.

சீட்டையும் கடிதத்தையும் காரியதரிசி படித்தார். கடைசி வரியையும் படித்தார். நான் மேஜைமேல் இருந்த மசிக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்டல்தான் முதலில் பேசினார். "ரெண்டு தடவ குத்தி நீர எடுத்திருக்காவ. இது காச்சலாவே? கப்பல் முங்குனதுக்குத் துணி நனஞ்சிருச்சின்னு எழுதுன மாதிரில்லா இருக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். கேஷியர் சிரிக்கவில்லை. ஆனால் கொடுக்கலாம் என்று முதலில் கை தூக்கியவர் அவர்தான். எல்லோரும் தூக்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் கேஷியர் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, நோய்க்கு நீங்க என்ன செய்வீக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அந்த அம்மாட்ட போயிக் கேட்டுத் தெளிஞ்சிருப்பேன். இனிமே நீங்க எதச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்லா வரும். இந்தப் பேச்ச விட்டுருவோம்."

வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மனைவி அழுதாள். மகள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கடைசி வரிய எல்லார் முன்னாலயும் படிச்சாகளாப்பா?"

"படிச்சாங்க."

"என் நோயச் சொல்லுததுக்கு உங்களுக்கு அம்புட்டு வெக்கமா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதுவும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

நிதிப் பணம் வந்து கடனை அடைத்தேன். மூன்றாம் மாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பெயர் எழுதுகிறவர் என்ன நோய் என்று என்னைத்தான் கேட்டார். எங்களுக்குப் பின்னால் தெரிந்த முகங்கள் நின்றன. நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே மகள் முன்னால் வந்து, "மார்புல நீர் கோத்திருந்துச்சு, ரெண்டு தடவ எடுத்தாக" என்று நிதானமாகச் சொன்னாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.