'முந்தின அதே பிரச்சினை' என்றொரு முறைப்பாடு

லண்டனில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கம்பியூட்டர் மக்கர் பண்ணினாலும், ஆள் வாய் திறக்குமுன்னே காரணத்தைச் சொல்லிவிடுவாள் அருமைநாயகி. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாச்சு. ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அதுவும் ஆள் சொல்லி முடித்த பிறகுதான். ஆனால் தொண்ணூற்றாறாம் ஆண்டில், தெற்கு லண்டனில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் ஹெல்ப்டெஸ்க்கில் மூளையைப் பாவித்த ஒரே ஆள் அவள் என்பதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மற்ற ஆள் கொலின். மேலாளராம். பழைய பிரச்சினை என்று எவராவது முறைப்பாட்டு இலக்கம் போடாமல் எழுதினால், 'விபரம் போதாது' என்று மூடித் திருப்பி அனுப்ப வேண்டும். அது அவருடைய சட்டம். மூடியது எத்தனை என்றுதானே மேலிடம் பார்க்கிறது. தீர்ந்தது எத்தனை என்று கேட்க அங்கே ஒரு நாதியும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு முறைப்பாடு வந்தது. 'முந்தின அதே பிரச்சினை. கெதியாய் வரவும். டி. கிறிஸ்துநாயகம், இரத்தக் கிளினிக்.'

"இலக்கம் இல்லை. மூடிவிடு," என்றார் கொலின், சான்ட்விச்சை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அருமைநாயகி மூடவில்லை. இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள் வருகிற கிளினிக் அது. காலையில் இரத்தம் எடுப்பார்கள். ஆய்வுகூடத்தின் முடிவு மத்தியானம் பிறின்ரரில் வரும். அதைப் பார்த்து டொக்டர் ஒவ்வொருவரின் மஞ்சள் புத்தகத்திலும் குளிசை அளவை எழுதுவார். இரண்டு மணிக்கு அவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

போன் எடுத்தாள். மறுமுனையில், முறைப்பாட்டை எழுதிய கிளினிக் கிளார்க் டொலறஸ்.

"தங்கச்சி, என்ன பிரச்சினை?"

"முந்தின பிரச்சினைதான் அக்கா. நீங்கள்தானே எழுதி வைச்சனியள். இஞ்ச முப்பத்தெட்டுப் பேர் குந்தியிருக்கினம். அவைக்குப் பதில் சொல்லுறதோ, உங்களுக்குப் பாடம் எடுக்கிறதோ?"

போன் வைக்கப்பட்டது. பேச்சு காரம்தான், ஆனால் நியாயம். எழுதி வைத்தவன் அல்லவா தேட வேண்டும்?

பழைய முறைப்பாடுகளில் கிறிஸ்துநாயகம் என்று தேடினாள். ஒன்றுமில்லை. கொலின் என்றால் அந்த இடத்தில் நாற்காலியில் சாய்ந்திருப்பார். அருமைநாயகி பாஸ்போர்ட்டில் தகப்பன் பேரிலும், சம்பளத் துண்டில் புருஷன் பேரிலும் இருப்பவள். எங்கள் ஆட்களின் எந்தப் பேர் குடும்பப் பேர் என்று இந்த நாட்டு ஒப்பீஸ்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே வெறும் டொலறஸ் என்று தேடினாள். வந்தது: டொலறஸ் செபமாலைமுத்து, அதே கிளினிக். தகப்பன் பேர். கிறிஸ்துநாயகம் புருஷன் பேராயிருக்கும்.

இரண்டு முறைப்பாடுகள். ஜனவரியில் பிறின்ரர் மை முடிந்தது. யூனில், இரண்டாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இடம் மாறிய பிறகு முடிவுகள் வரவில்லை. அதன் கீழே தீர்வு: 'சரி செய்தாச்சு. கொலின்.' அவ்வளவுதான். மற்றவரிடம் இலக்கம் கேட்டு உயிரை வாங்குகிறவர் எழுதிய வரலாறோ இரண்டே சொல்.

"யூனில் என்ன செய்தீர்கள்?"

"சரி செய்தேன்."

"அது எழுதியிருக்கிறது. எதைச் சரி செய்தீர்கள்?"

கொலின் சான்ட்விச்சுக்குள் விடை தேடினார். அங்கே தக்காளிதான் இருந்தது.

மறுபடி போன். இந்த முறை வெறுங்கையோடு கேட்கவில்லை.

"டொலறஸ், ஜனவரியில மை முடிஞ்சது. யூனில அறை மாறின பிறகு முடிவு வரேல்லை. இது எது?"

"யூன் மாதிரித்தான் அக்கா."

"பிறின்ரரில சோதனைப் பக்கம் ஒண்டு அடிச்சுப் பாரும்."

கொஞ்ச நேரம் இரைச்சல். "அது வருது."

"அப்ப பிறின்ரர் சுகமாய் இருக்கு. பேப்பர் வேற எங்கயோ போகுது. உங்கட பழைய அறையில இப்ப ஆர்?"

"கண் கிளினிக்."

"அங்க ஒரு பிறின்ரர் நிண்டதெல்லோ? ஓடிப்போய்ப் பாரும்."

இரண்டாம் மாடியில், கண்ணாடி அளவெடுக்கும் மேசைக்குப் பக்கத்தில், எல்லா முடிவுகளும் தட்டில் குவிந்திருந்தன. அங்கிருந்த எவரும் அவை ஆருடையவை என்று பார்க்கவில்லை. கண் கிளினிக்.

டொலறஸ் அவற்றை அள்ளிக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள். யூனில் கொலின், கீழ்த்தளப் பிறின்ரருக்கு அனுப்பு என்று முடிவுகளை அனுப்பும் கம்பியூட்டருக்குச் சொன்னவர், அந்தக் கட்டளையை நிரந்தரமாகப் பதிந்து வைக்கவில்லை. சனிக்கிழமை கம்பியூட்டரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினார்கள். அது பழைய அறைக்கே அனுப்பத் தொடங்கிவிட்டது. அருமைநாயகி கொலினின் தோளுக்குப் பின்னால் நின்று பதிய வைத்தாள். தீர்வை அவளே எழுதினாள், பதினொரு வரி. முறைப்பாட்டில் டொலறஸின் மூன்று பேரையும் சேர்த்தாள்.

அடுத்த நாள் கன்டீனில் ஒரு மேசை நிறைந்த ஆட்களுக்கு இதைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை கொழுத்தது.

"இரண்டு மணி அடிக்குது. முப்பத்தெட்டுப் பேரும் மஞ்சள் புத்தகத்தோட எழும்பிப் போகினம்."

"முப்பத்தேழு," என்றாள் எதிரே இருந்த டொலறஸ், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு. "ஒரு கிழவன் காத்திருந்து அலுத்துப்போய்ப் போயிட்டுது. நான்தான் கோட்டும் போடாமல் பஸ் தரிப்புவரை ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கையில குடுத்தனான்."