ஏழு காரணங்களும் ஒரு விளம்பரப் பட்டையும்

தன் விளையாட்டு ஏன் தோற்றது என்று பெக்தூர் எழுதிய கட்டுரையில் முதலில் ஏழு காரணங்கள் இருந்தன. ஆப் கடை, விளம்பரச் சந்தை, கோடைக்காலம், பெரிய கம்பெனிகள் என்று உலகத்தில் எல்லார் மேலும் பழி இருந்தது. பெக்தூர் மேல் மட்டும் ஒன்றுமில்லை.

பிஷ்கெக் நகரத்தில் மேசைகளை மாத வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவனுடையது. என் பெயர் ஜிபார், ஒப்பந்தங்களை ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிப் பிழைக்கிறவள். பதினாலு மாதம் அவன் தனியாக உட்கார்ந்து ஒரு மொபைல் விளையாட்டு செய்தான். படம் வரைந்தது, இசை போட்டது, நிரல் எழுதியது, பெருமைப்பட்டது எல்லாம் ஒரே ஆள். ஒரு மினிபஸ்ஸில் ஆட்களை இடம் பார்த்து அடைக்க வேண்டும். தர்பூசணி மூட்டைக்காரர், கைக்குழந்தைக்காரி, முன் இருக்கைதான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் பெரியவர் என்று ஏறிக்கொண்டே இருப்பார்கள். எல்லாரையும் உட்காரவைத்து, கீழே இருக்கும் பொத்தானைத் தொட்டுக் கதவை மூடினால் அடுத்த கட்டம். 'இன்னும் ஒருத்தர் ஏறலாம்' என்று பெயர். எங்கள் ஊர் ஓட்டுநர்கள் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தான்.

வெளிவந்து மூன்று மாதமாகியும் அது ஈட்டியது மொத்தம் ஒன்பது டாலர். அதுவும் கைக்கு வரவில்லை. 'முறையற்ற சொடுக்குகள்' என்று ஒரு வரி எழுதி விளம்பரக் கம்பெனி கணக்கை மூடிவிட்டது. யார் சொடுக்கியது, எப்போது சொடுக்கியது என்றெல்லாம் அவர்கள் சொல்வதில்லை.

இந்த நேரத்தில்தான் பக்கத்து நாட்டு அல்மாட்டியிலிருந்து ஒரு விளையாட்டு நிறுவனம் அவனுடைய விண்ணப்பத்துக்குப் பதில் போட்டது. உன் விளையாட்டு ஏன் தோற்றது என்று உன் வலைப்பதிவில் எழுது, படித்துவிட்டுப் பேசலாம் என்றார்கள். சேமிப்பு கரைந்து, மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்வதாக இருந்தவனுக்கு அந்தக் கட்டுரைதான் மிச்சமிருந்த வழி. அதன் ஆங்கிலத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

"ஜூன் ஒண்ணாந்தேதி வெளியிட்டே. எத்தனை பேர் இறக்கினாங்கங்கிற இந்த வரைபடம் ஏன் பதினஞ்சாந்தேதி ஆரம்பிக்குது?" என்று கேட்டேன்.

"இடம் பத்தல அக்கா."

"வலைப்பதிவுலயா? அங்கயும் இன்னும் ஒருத்தர் ஏறலாமே."

அவன் சிரிக்கவில்லை. பதினாலாம் தேதி என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும், அந்த விருந்தில் நானும் சாப்பிட்டேன். அவன் அண்ணன் குழந்தை நடை பழகியதற்கான விழா. குழந்தையின் காலில் நூல் கட்டி, ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருகிறவர் அதை வெட்டிவிடுவார். வெட்டி முடிந்து கறி வருவதற்குள் பெக்தூரின் அம்மா கனிஷாய் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"என் சின்னவன் விளையாட்டு செஞ்சிருக்கான். எல்லாரும் போனை எடுங்க, இப்பவே இறக்குங்க. அஞ்சு நட்சத்திரம் போடுங்க. விளம்பரம் வந்தா தொடுங்க, தொட்டாத்தான் அவனுக்குக் காசு. தொடாதவங்களுக்கு இன்னிக்குக் கறி கிடையாது."

நூற்றுநாற்பது பேர் ஒரே கூடத்தில், ஒரே வைஃபையில் உட்கார்ந்து தொட்டார்கள். பெக்தூர் ஐயா அதைத் தடுத்தாரா என்றால், மேசை மேசையாகப் போய் இறக்கிக் கொடுத்தவரே அவர்தான். மறுநாள் முக்கால்வாசிப் பேர் அழித்துவிட்டார்கள். வந்தவர்கள் தங்காத விளையாட்டு என்று ஆப் கடை முடிவுகட்டி, அந்நியர்களுக்கு அதைக் காட்டுவதையே குறைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை விளம்பரக் கணக்கும் போயிற்று.

"எட்டாவது காரணமா எழுதிடு," என்றேன்.

"எங்கம்மா கெடுத்தாங்கன்னா? என் மகன் விளையாட்டு அமெரிக்கா வரைக்கும் போயிருக்குன்னு சந்தை முழுக்கச் சொல்லிக்கிட்டிருக்காங்க."

"எழுதலைன்னா அல்மாட்டிக்காரங்க கேப்பாங்க. கணக்கை யாரும் சும்மா மூடமாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுவதாக முடிவாயிற்று. சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அம்மாவை மன்னிக்கப் போகும் களை முகத்தில் இருந்தது. எனக்குத் திரைச்சீலை வாங்க வேண்டியிருந்ததால் கூடப் போனேன்.

கனிஷாய் சந்தையில் இரும்புக் கன்டெய்னர் கடையில் திரைத்துணி விற்கிறார். அவன் சொல்வதை எல்லாம் துணி அளந்துகொண்டே கேட்டார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"அன்புலதானே செஞ்சீங்கம்மா, நான் ஒண்ணும்..."

"அன்பு கிடக்கட்டும். அன்னிக்கு ஒரு நாள் தொட்டதுக்கே மூடிட்டாங்கன்னா, நான் தினம் தொட்டேனே, அது?"

"தினமுமா?"

துணிக்கடியிலிருந்து பழைய போனை எடுத்தார். அறுபத்தோராம் கட்டம். மினிபஸ் நிறைந்திருந்தது. அந்தக் குட்டித் திரையின் அடியில், கதவு மூடும் பொத்தான் மேலேயே விளம்பரத்துக்கான பட்டை படுத்திருந்தது. கணக்கு மூடிய பிறகு அதில் விளம்பரம் இல்லை, வெறும் சாம்பல் பட்டை. பொத்தானில் நக அகலம்தான் வெளியே தெரிந்தது.

"ஓரமா நகத்தால தொட்டா கதவு மூடும். விளம்பரம் வந்துக்கிட்டிருந்தப்ப மூணுல ரெண்டு தடவை சோப்பு விக்கிறவன்தான் வந்தான். நீ வேணும்னே வெச்சிருக்கேன்னு நினைச்சேன். கடைக்காரி பெத்த பிள்ளைதானே."

பெக்தூர் தன் போனை எடுத்துப் பார்த்தான். அது புதியது, நீளமானது. அதில் பட்டைக்கும் பொத்தானுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. பதினாலு மாதமும் அவன் சோதித்துப் பார்த்தது அந்த ஒரு போனில்தான். அப்படியே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தான். இஸ்திரி கசங்கியது.

"எல்லாருக்குமே இப்படித்தானாம்மா?"

"நம்ம சொந்தத்துல யார்கிட்ட நீளப் போன் இருக்கு? விருந்துலயே பேசிக்கிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பல்லெல்லாம் தெரிய மேசை மேசையா வந்து 'நல்லா இருக்கா'ன்னு கேட்டே. அந்த மூஞ்சியப் பாத்து யாருடா சொல்லுவா?"

அவன் என் பக்கம் திரும்பினான். பிறகு என் கையைப் பார்த்தான். என் போனும் குட்டிதான்.

"உங்களுக்குமா அக்கா?"

"முதல் நாளே," என்றேன்.

நாலாம் கட்டத்தில் கதவு மூடாமல் சோப்பு விளம்பரம் மூன்று தடவை வந்ததும் நான் அதை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னாலேயே ஐந்து நட்சத்திரமும் 'அருமை'யும் போட்டாயிற்று. ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் சண்டைக்கு நிற்கிற நான், மூன்று மாதம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, அவன் கொடுத்த சம்சாவைத் தின்றுகொண்டு, வாயைத் திறக்கவில்லை. அவன் தேய்ந்துகொண்டே வந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஏழு காரணங்களையும் அழித்தான். என் போனில் மட்டும் சோதித்தேன் என்பது முதல் காரணம். பாராட்டைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாதபடி எல்லாரிடமும் கேட்டேன் என்பது இரண்டாவது. விருந்து மூன்றாவதாக வந்தது, மலைபோல் ஏறிச் சரிந்த முழு வரைபடத்தோடு. கணக்கை மூடியது விருந்தாலா பட்டையாலா என்று தெரியாது, இரண்டுமே என் வேலைதான் என்று எழுதியிருந்தான். கனிஷாயின் திருத்தம் ஒன்றே ஒன்று: வந்தவர்கள் நூற்றறுபது பேர், கறி எல்லாருக்கும் கிடைத்தது.

அல்மாட்டிக்காரர்கள் மூன்று மாதம் பார்க்கலாமென்று அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இங்கிருந்தே செய்யலாமாம், மேசை காலியாகவில்லை.

பொத்தானை மேலே ஏற்றி, பட்டையை எடுத்துவிட்டு விளையாட்டைப் புதுப்பித்த அன்று கனிஷாய் தன் ஐந்து நட்சத்திரத்தை மூன்றாக்கினார். 'கதவு இப்போது மூடுகிறது. பெரியவர் மிகவும் அடம் பிடிக்கிறார். பாட்டு தலைவலி' என்று கீழே எழுதியிருந்தார். பெக்தூர் அதை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்திருக்கிறான்.

நானும் மறுபடி இறக்கி, இருபதாம் கட்டம் வரை ஆடி, நான்கு போட்டேன். அவன் எட்டிப் பார்த்தான்.

"அந்த ஒண்ணு எங்க போச்சு அக்கா?"

நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.