மேல் வரிசைப் படங்கள்

இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில், தண்டையார்பேட்டையில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான ஒரு சிறிய பயிற்சி மையத்தில் நான் உளவியலாளராக வேலை பார்த்தேன். பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்து அறைகளாக்கிய இடம் அது. முன் அறைச் சன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் காலையிலேயே வரிசைகட்டி நின்று உறுமிக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்குச் சோதனை செய்து, அவர்களுக்கு எவ்வளவு புரிகிறது, எப்படிக் கற்பிக்கலாம் என்று எழுதித் தருவது என் வேலை.

அந்தச் சிறுமியை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு வயது. பிறந்த சில நாட்களில் கடுமையான மஞ்சள் காமாலை வந்து, அதன் பின் பெருமூளை வாதம். அவளுக்குக் கை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பொருளை எடுக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் கை அவளை விட்டு வேறெங்கோ போகும், விரல்கள் முறுக்கிக்கொள்ளும், முகம் கோணும். பேச்சு தொண்டையில் ஒரு ஒலியாக நின்றுவிடும். வீட்டில் அத்தா என்று சொல்லும் அப்பா, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுபவர்.

வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை ஒரு அறிக்கை கேட்டிருக்கிறார். வேறொரு இடத்தில் வாங்கிய அறிக்கையில், கடுமையான மனவளர்ச்சிக் குறைவு என்று இருந்தது. அதற்கு என்ன சோதனை செய்தார்கள் என்று பார்த்தேன். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிகள் வெட்டிய மரப்பலகையில் அந்தந்தக் கட்டையை வேகமாகப் பொருத்த வேண்டும். அது ஒன்று. தானே சாப்பிடுவாளா, பொத்தான் போடுவாளா, தெருவில் தனியாகப் போவாளா என்று அம்மாவிடம் கேட்பது இன்னொன்று. இரண்டும் நல்ல சோதனைகள்தான். ஆனால் இவள் விஷயத்தில் இரண்டும் அளந்தது கையை.

அம்மா என்னிடம் கெஞ்சவில்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அவுளுக்கு எல்லாம் புரியுதுன்னு நான் சொன்னா, பெத்தவ அப்டித்தான் சொல்லுவான்றாங்க மேடம். நீங்களே பாருங்க. இன்னா கீதோ அத்த சொல்லுங்க. புரியலன்னா புரியலன்னே சொல்லிடுங்க."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கட்டை அடுக்குவதும் படம் வரைவதும் பென்சிலால் கோடு போடுவதும் வேண்டாம் என்று ஒதுக்கியபின் அலமாரியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். ஒரு சொல்லைச் சொல்லி நான்கு படங்களில் எது என்று காட்டச் சொல்லும் சோதனை. பல பொருள்களில் சேராத ஒன்றைக் காட்டச் சொல்லும் சோதனை. ஒரு வடிவத்தில் விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சோதனை. மூன்றிலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, தேர்ந்தெடுத்தால் போதும். விரலால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை.

முதலில் அவளுடைய 'ஆமாம்' எது, 'இல்லை' எது என்று தெரிய வேண்டும். எங்கள் மையத்தில் பேச முடியாத குழந்தைகளுக்கு, ஆமாம் என்றால் மேலே பார் என்று பழக்குவது வழக்கம். இவளிடம் அது ஏறவே இல்லை. அம்மா, அவள் ஆமாம் என்றால் சிரிப்பாள், இல்லை என்றால் வாயை இறுக்கி மூடுவாள் என்றார். சரி என்று அதையே வைத்துக்கொண்டேன். நீ பையனா, உன் அத்தா ரயில் ஓட்டுகிறாரா, இது உன் அம்மாவா என்று கலந்து கலந்து கேட்டேன். ரயில் கேள்விக்கு வாயை இறுக்கியவள், கொஞ்ச நேரம் கழித்துக் கிரேன் ஓட்டுகிறாரா என்றதும் உடம்பு முழுக்கச் சிரித்தாள்.

நான்கு படங்களைக் காட்ட, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பலகையைப் பயன்படுத்தினோம். நான்கு மூலையிலும் நான்கு படம், நடுவில் ஒரு ஓட்டை. குழந்தை எந்த மூலையைப் பார்க்கிறது என்பதை எதிரே இருப்பவர் ஓட்டை வழியாகக் கவனிக்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு. விடை தெரிந்தவரே கண்ணைப் படித்தால், அவருடைய ஆசை படித்துவிடும். அவர் பார்வை போகும் இடத்துக்குக் குழந்தையின் பார்வையும் போகும். அதனால் எங்கள் பிசியோதெரபிஸ்ட்டை எதிரே உட்கார வைத்தேன். படங்களின் முதுகுப்புறம் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்ததால் எது எங்கே என்று அவருக்குத் தெரியாது. நான் ஓரத்தில், அவள் முதுகுக்குப் பின்னிருந்து சொல்லைச் சொல்வேன். அவர், வலது கீழே, இடது மேலே என்று மட்டும் சொல்வார். நேர வரம்பு கிடையாது. அம்மாவைச் சுவரோரம் உட்கார்த்திவிட்டோம்.

முதல் நாள் பாதிக்கு மேல் சரியாக வந்தது. ஆனால் உடம்பு நிலைகொள்ளவில்லை. தலை அடிக்கடி பின்னால் போய் விழுந்தது. உடல் நிலையாக இருந்தால்தான் கண் நிலையாக இருக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார், அது உண்மையும்கூட. அடுத்த முறைக்குள் அவளுக்கென்று ஒரு நாற்காலி தயாரித்தார். இடுப்புக்குப் பட்டை, காலுக்குப் பலகை, தலை சாயாமல் இருக்க இருபுறமும் பின்னாலும் பஞ்சு மெத்தை. அவள் அதில் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

அன்று அவள் முதல் நாளைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னாள்.

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. களைப்பாக இருக்கலாம் என்று இன்னொரு நாள் காலையில் வைத்துப் பார்த்தோம். அதேதான். லாரிச் சத்தம் காரணமோ என்று பின் அறைக்கு மாறினோம். கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். எளிதான சொல் தப்பாகும், கடினமான சொல் சரியாகும். பூனை தெரியாதவளுக்குக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. புரியாத குழந்தை இப்படித் தப்புச் செய்யாது; எளிய சொற்களில் சரியாகத் தொடங்கி, கடினமாக ஆக ஆகத் தடுமாறும். இது வேறு ஏதோ.

பிறகுதான் தப்புகளைக் கடினத்தின்படி பார்க்காமல் இடத்தின்படி பார்த்தேன். பூனை மேல் வரிசையில் இருந்தது. கலங்கரை விளக்கம் கீழே. கீழ் வரிசையில் விடை இருந்தபோதெல்லாம் அநேகமாகச் சரி. மேல் வரிசையில் இருந்தபோதெல்லாம் பார்வை பக்கவாட்டில் அலைந்து, கடைசியில் கீழே எங்காவது நின்றிருந்தது.

ஓடிப்போய் பிசியோதெரபிஸ்ட்டிடம், தலையைப் பிடிக்கும் மெத்தையைக் கழற்றச் சொன்னேன். அவர் விரும்பாமல்தான் கழற்றினார். பூனைப் படத்தை அவள் கண்ணுக்கு மேலே பிடித்தேன். தலை பின்னால் சாய்ந்தது. கண்கள் நேரே இருந்தபடியே, தலையோடு சேர்ந்து படத்துக்கு வந்தன. முதல் நாள் நாங்கள் தசை இழுப்பு என்று நினைத்தவற்றில் சில, அவள் மேலே பார்த்த பார்வைகள். அவளால் கண்ணை மேலே தூக்க முடியவில்லை; அதற்குப் பதில் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் வசதி செய்கிறோம் என்று அந்தத் தலையைப் பிடித்து வைத்துவிட்டோம்.

மேலே பார் என்ற 'ஆமாம்' அவளிடம் ஏன் ஏறவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கண் மருத்துவரிடமும் காது பரிசோதனைக்கும் அனுப்பினோம். பார்வை நன்றாக இருக்கிறது, மேல்நோக்கும் அசைவு மட்டும் இல்லை, பிறந்தபோது கடுமையான காமாலை வந்த குழந்தைகளில் இப்படிச் சிலருக்கு உண்டு என்று கண் மருத்துவர் சொன்னார். காதில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள் சரியாக விழவில்லை என்றும் தெரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தது அதோடு நின்றது. சொல்லும்போது முன்னால் வந்து, உதடு தெரிய இரண்டு முறை சொல்வேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிவிடுவேன்.

பலகைக்குத் தீர்வு எளிமையாக இருந்தது. அதைக் கீழே இறக்கினோம். மேல் விளிம்பு அவள் கண்மட்டத்துக்கு வந்தது. பிறகு அவள் மேலே பார்க்க வேண்டியதே இல்லை. கீழே பார்க்கும்போது இமை கண்ணை மறைக்கும் என்பதால் பிசியோதெரபிஸ்ட் தரையில் சம்மணம் போட்டு அமர்ந்து, அண்ணாந்து படித்தார். முன்பு கேட்டவற்றின் விடையை அவள் மனப்பாடம் செய்திருக்கக்கூடும் என்று, அதே சோதனையின் மாற்றுப் படத்தொகுதியை எடுத்தேன். படங்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக அவர் குரலில் ஒரு துடிப்பு ஏறியது. சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் கண் இப்போது அலையாமல் ஒரே இடத்துக்குப் போய் நின்றது அவருக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம், சேராத ஒன்றைக் காட்டும் சோதனை. பழகுவதற்காக நானே வரைந்த ஒரு அட்டையை முதலில் வைத்தேன். மீன், இறால், நண்டு, கோழி. கோழியைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் நண்டைப் பார்த்தாள். திரும்பக் கேட்டேன். மறுபடி நண்டு.

பழக்க அட்டைதானே, மதிப்பெண் இல்லை. அதனால் காரணம் கேட்க எனக்கு நேரம் இருந்தது. நிறத்தாலா? வாய் இறுகியது. காலாலா? இறுகியது. சுவரோரம் இருந்த அம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

"மேடம், மீனு, எறா, கோழி எல்லாம் எங்க வூட்ல ஆக்குவோம். நண்டு மட்டும் துன்ன மாட்டோம்."

அதுவா என்று அவளைக் கேட்டேன். தொண்டையிலிருந்து ஒலி வர, நாற்காலி ஆடும்படி சிரித்தாள். சோதனைக்குள் அப்படி ஒரு விடை வந்திருந்தால் தப்பு என்றுதான் குறித்திருப்பேன். அன்று வீடு திரும்பும்போது, பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தேர்ந்த ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்திருக்கும், அதில் எத்தனை எனக்கு வந்து சேர்ந்தது என்று.

அறிக்கை எழுதும்போது தலைமையாசிரியை தொலைபேசியில் அறிவுத்திறனுக்கு ஒரு எண் கேட்டார். முந்தைய அறிக்கையில் எண் இருந்ததே, இதில் ஏன் இருக்காது என்றார். நாங்கள் சோதனை கொடுத்த விதத்தையே மாற்றியிருக்கிறோம், மற்ற குழந்தைகள் விரலால் காட்டி வந்த எண்ணோடு இதை ஒப்பிட்டால் அது பொய்யான துல்லியம் என்று சொன்னேன். அதற்குப் பதில், சொற்களைப் புரிந்துகொள்வதும் காரணம் காண்பதும் அவள் வயதையொட்டி இருக்கின்றன, வெளியே போகாத குழந்தை என்பதால் சில சொற்கள் தெரியவில்லை என்று எழுதினேன். எந்தெந்த மாற்றங்களைச் செய்தோம், கேள்வியை எங்கே நின்று கேட்க வேண்டும், அட்டையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதையும் எழுதினேன்.

அவருக்குப் போதவில்லை. நேரிலேயே வந்தார். பையிலிருந்து தானே எழுதிக்கொண்டு வந்த அட்டைகளை எடுத்து, ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டு, அவள் கண்ணுக்குக் கீழே நான்கு விடைகளைப் பிடித்தார். அவள் பன்னிரண்டைப் பார்த்தாள். அவர் அட்டைகளின் இடத்தை மாற்றிக் கேட்டார். அவள் பார்வை மாறிய இடத்துக்கே போனது. மூன்றாவது முறை கேட்டபோது அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏன், பதில் தெரியலையா?" என்றார் தலைமையாசிரியை.

"ஒரே கேள்விய எத்தினி வாட்டிதான் கேப்பீங்க மேடம்," என்றார் அம்மா.

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரைத்தளத்து இரண்டாம் வகுப்பில், மதியச் சாப்பாடு வரை, நாற்காலியோடு சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து, எப்படிப் போகிறது என்று பார்க்க அந்தப் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியைக்கு ஒரு புகார் இருந்தது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் அவள் கண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்களாம். மனக்கணக்குத் தேர்வில் பாதி வரிசை அவளைப் பார்த்துத்தான் எழுதுகிறது. அதனால் தேர்வன்று மட்டும் அவளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி உட்கார வைக்கிறார்களாம்.