நாலு மணிக் கட்டம்

மூன்றாவது முறையும் கெடு தவறிய பிறகு, எனக்கு வேலை தரும் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மலையாளக் கையேடுகளைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. பாறசாலைப் பக்கம் ஒரு வீட்டில் தனியாக இருந்துகொண்டு செய்கிறேன். மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. "ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் முடியும்னு உறுதியாச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த கையேட்டை வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும்" என்றாள் அந்த அலுவலகப் பெண்.

எனக்கே தெரியாததை அவளிடம் என்ன சொல்வது? நாளுக்கு எட்டு மணி நேரம் உழைப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் எனக்கு உடனே ஒரு குற்றவாளி வேண்டும். நாலு மணி ஆனால் வந்து நிற்கும் என் நண்பன் கைக்கு அகப்பட்டான்.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாலு மணிக்கு வருவான், பால் விடாத கட்டன் சாயா குடிப்பான், ஆறு மணிவரை ஊர்க்கதை பேசுவான். இந்த இரண்டு மணி நேரம்தான் என்னைத் தின்கிறது என்று முடிவு கட்டினேன்.

"ஒரு வாரம் நேரத்தை எழுதிப் பார்க்கப்போறேன். அதுவரை நீ வரண்டாம்" என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அப்படியாக்கும் சங்கதி? எலே, எழுதணும்னா கண்டக்டர் கையில வச்சு எழுதுற வேபில் தாள் மாதிரி எழுது. ஒவ்வொரு ஸ்டேஜிலயும் டிக்கெட் நம்பரைக் குறிக்கணும். டெப்போவுக்குப் போன பொறவு ஓர்மையில வச்சு எழுதினா கணக்கு தெற்றும், தப்பாயிரும்" என்றான். வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஆளை ஏத்தாம பஸ்ஸை ஓட்டிட்டு, கூட்டம் எவ்வளவுன்னு எண்ணவா மக்கா போறே?"

நானும் சிரித்தேன். அவன் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாளுக்கு நாற்பத்தெட்டு அரை மணிக் கட்டங்கள் போட்ட தாளை மேசையில் வைத்தேன். செய்ததை அந்தந்தக் கட்டம் முடிந்ததும் எழுதினேன். இரண்டாம் நாள் மத்தியானம் எழுத மறந்துபோனேன். சாயங்காலம் நினைத்து எழுதியபோது 'மொழிபெயர்ப்பு' என்று தாராளமாக நாலு கட்டம் வந்தது. கணினியைத் திறந்து பார்த்தால் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. வெட்கத்தோடு அடித்துவிட்டு, ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வேலைக்கு விட்டேன்.

ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தேன். வேலை நடந்தது வாரம் முழுவதற்கும் இருபத்தொரு மணி நேரம். நாளுக்கு வெறும் மூன்று! அதிலும் பதின்மூன்று மணி நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வந்தது. போனுக்குப் பத்தொன்பது மணி நேரம் போயிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, நான்தான் அதைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நாலு முதல் ஆறு வரை உள்ள கட்டங்களைக் கடைசியில்தான் பார்த்தேன். ஏழு நாளில் இருபத்தெட்டுக் கட்டம். மூன்றில்தான் வேலை நடந்திருந்தது. மற்றவற்றில் என் கையெழுத்தில் 'சும்மா', 'வாசல்', 'சாயா', மறுபடியும் 'வாசல்'. அவனை விரட்டி நான் மிச்சம் பிடித்தது ஒன்றரை மணி நேரம். வராதே என்று சொல்லிவிட்டு, வாரம் முழுவதும் அவனைத்தான் எதிர்பார்த்து நின்றிருக்கிறேன். ஆளை ஏத்தாத பஸ் என்று அவன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

புதிய அட்டவணை போட்டேன். ஆறு முதல் ஒன்பது மொழிபெயர்ப்பு, போன் அடுக்களையில். பத்து முதல் பன்னிரண்டு திருத்தம். இரண்டு முதல் மூன்று, காலையில் முடியாமல் போனதற்கு. நாலு முதல் ஆறு அவனுக்கு. அலுவலகப் பெண்ணிடம் நாளுக்கு ஆறு பக்கம் என்று தைரியமாகச் சொன்னேன். அடுத்த கையேடும் கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்தோடு அவன் வீட்டுக்கு நடந்தேன். அவன் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளை முதல் நாலு மணிக்கு வந்துடு. அட்டவணையிலேயே போட்டாச்சு" என்றேன்.

"இனி வர ஒக்காது மக்கா. பள்ளிக்கூட பஸ்ஸில கதவு பாக்கிற வேலைக்குச் சேர்ந்தாச்சு. காலையிலயும் உண்டு, சாயங்காலமும் உண்டு." தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "உனக்கு நேரம் இல்லேன்னு நீ சொன்னப்போதான், எனக்கு அது எவ்வளவு கிடக்குன்னு தெரிஞ்சுது."

குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாறேன் என்றும் சொன்னான். இரண்டு ஞாயிறு வந்தான், பிறகு ஞாயிறுகளில் அவன் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், அவன் வருவது நின்றது.

இப்போது எனக்குக் கெடு தவறுவதில்லை. அட்டவணையையும் மாற்றவில்லை. நாலு மணி கழிந்ததும் அந்த மஞ்சள் பஸ் என் வாசலைக் கடக்கும். கதவருகே நின்று அவன் கையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. தாளில் அரை மணிக்குக் குறைந்த கட்டம் கிடையாது என்பதால், முழுக் கட்டத்தையும் அவனுக்கென்றே எழுதிவைக்கிறேன்.